ஒரே அறிஞருக்குக் 'கூறுகிறார்கள்' போடலாமா? ஆய்வேட்டு நடையில் மரியாதைப் பன்மை

#1 நொச்சி

வணக்கம். சுவடிப் பதிப்பு வரலாறு பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு, திருத்தத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. புறத்தேர்வாளர் இரண்டாம் இயலில் பல இடங்களில் ஓரத்தில் "ஒருவரா, பலரா?" என்று மட்டும் எழுதி விட்டிருக்கிறார். நெறியாளரோ, "பெரியவர்களை வெறும் ஆர் போட்டு எழுதினால் மரியாதையாக இருக்காது, அவர்கள் போடு" என்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது? அதிகம் கோடு விழுந்த பத்தி இதுதான்:

"டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்கள் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்கள். அதே ஆண்டில் சி.வை. தாமோதரம் பிள்ளை அவர்கள் கலித்தொகையை வெளியிட்டார்கள். அவர்கள் ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார்கள். ஏடுகள் அழிந்துவரும் நிலையைத் தன் பதிப்புரையில் குறிப்பிடுகிறார்கள். ஐயரவர்கள் 1894இல் புறநானூற்றை வெளியிட்டனர்."

#2 மெய்ப்புக்காரர்

தேர்வாளர் கேட்டது மரியாதை பற்றியே அல்ல. உங்கள் மூன்றாம் வாக்கியத்தைப் பாருங்கள். "அவர்கள் தேடிச் சேர்த்தார்கள்." யார் சேர்த்தது? கடைசியாகச் சொன்ன பிள்ளை மட்டுமா, ஐயரும் பிள்ளையும் சேர்ந்தா? முதல் இரண்டு வாக்கியங்களில் ஒருவருக்கே '-ஆர்கள்' போட்டுப் பழக்கிவிட்டீர்கள். அதனால் மூன்றாவதில் உண்மையான பன்மை வந்தாலும் படிப்பவருக்கு அது தெரிய வழியில்லை. பதிப்பு வரலாறு எழுதும்போது இது சின்னக் குழப்பம் இல்லை. இருவரும் கூடித் தேடினார்கள் என்று ஒருவர் மேற்கோள் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

நான்காவதில் இன்னொரு சிக்கல். 'தன்' ஒருமை, 'குறிப்பிடுகிறார்கள்' பன்மை. இரண்டும் ஒரே ஆளுக்கு. ஐந்தாவதில் 'ஐயரவர்கள்' என்று தொடங்கி '-அனர்' என்று முடிக்கிறீர்கள். இன்றைய உரைநடையில் 'வெளியிட்டனர்' என்றாலே பலர் என்றுதான் கண் படிக்கும். ஆக ஒரே பத்தியில் ஒருவருக்கு இரண்டு விதமான முடிவு.

இப்படி மாற்றிப் பாருங்கள்:

"உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். இருவரும் தனித்தனியே ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தனர். ஏடுகள் அழிந்துவரும் நிலையைப் பிள்ளை தம் பதிப்புரையில் குறிப்பிடுகிறார். ஐயர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டார்."

'-ஆர்' என்றால் ஒருவர், மரியாதையோடு. '-அனர்', '-ஆர்கள்' என்றால் பலர். ஆய்வேடு முழுக்க இந்த ஒரு பிரிவினையைக் காப்பாற்றினால் போதும். 'பதிப்பித்தார்' என்பதிலேயே மரியாதை இருக்கிறது. இல்லையென்றால் 'பதிப்பித்தான்' என்றல்லவா எழுத வேண்டும்? அதன்மேல் 'அவர்கள்', 'கள்' என்று ஏற்றுவது போர்த்திய பொன்னாடைமேல் இன்னொரு பொன்னாடை.

#3 வெண்பாப்பித்தன்

தொல்காப்பியரே இதைத் தடுத்துவிட்டாரே! கிளவியாக்கத்தில் 27ஆம் நூற்பா. "ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும்" என்று தொடங்கி "இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல" என்று முடிகிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது இலக்கணப் பிழை. 'அர்' ஆனாலும் 'ஆர்' ஆனாலும் பலர்பால் விகுதிதான். ஒருவருக்கு 'ஆன்'தான் முறை. 'ஆர்'கூட சலுகைதான்.

#4 மெய்ப்புக்காரர்

நடு அடியை விழுங்கிவிட்டீர்களே, ஐயா. "வழக்கின் ஆகிய உயர்சொல் கிளவி" என்று அதற்குள் ஓர் அடி இருக்கிறது. வழக்கில் உயர்த்திச் சொல்லும் சொல் அது. இலக்கண முறைப்படி வந்ததல்ல என்கிறார். வழக்கில் உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு அதைத் தடை என்று எப்படிச் சொல்வது? உரைகாரர்கள் இந்த நூற்பாவுக்கு 'நரியார் வந்தார்' என்றுகூட எடுத்துக்காட்டுத் தருகிறார்கள். நரிக்கே 'ஆர்' கிடைத்திருக்கிறது. நன்னூலும் உவப்பு, உயர்வு, சிறப்பு முதலியவற்றால் பால் மாறுவதை இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறது.

'அர்', 'ஆர்' இரண்டும் பலர்பால் விகுதி என்று நீங்கள் சொன்னது சரி. அதனால்தான் மேலே 'இன்றைய உரைநடையில்' என்று எழுதினேன். ஒருவருக்குக் 'கூறினார்', பலருக்குக் 'கூறினர்' என்ற பிரிவினை நூற்பாவில் வந்ததல்ல. பன்மை விகுதிகளில் ஒன்றை ஒருவருக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதைப் பலருக்கு வைத்துக்கொண்டார்கள். பிறகு பேச்சு வழியாகக் 'கள்'ளும் வந்து சேர்ந்தது.

#5 கயற்கண்ணி

மெய்ப்புக்காரர் சொன்ன பிரிவினைக்கு ஒரு விலக்கு இருக்கிறது. நொச்சியின் ஆய்வேட்டில் அது கட்டாயம் வரும். "என்பர் நச்சினார்க்கினியர்", "எனக் கொள்வர் பரிமேலழகர்" என்று எழுதுவது புலமை நடையில் நெடுங்காலமாக உண்டு. இங்கே ஒருவர்தான், விகுதியோ 'அர்'. எழுவாய் கடைசியில் வந்து, அது ஒருவர் பெயராகவும் இருப்பதால் குழப்பம் வராது. ஆனால் 'என்ப' வேறு. அது பலர்பாலுக்கே உரியது. "என்ப நச்சினார்க்கினியர்" என்று எழுதக்கூடாது. 'என்மனார் புலவர்' என்பதிலும் புலவர் பலர்.

#6 வெண்பாப்பித்தன்

'என்பர்' ஒருவருக்கு ஆகும் என்றால் 'வெளியிட்டனர்' மட்டும் ஏன் ஆகாது? இரண்டும் 'அர்'தானே.

#7 கயற்கண்ணி

இலக்கணப்படி ஆகும். பழைய உரைநடையில் ஒருவருக்கே '-அனர்' வந்த இடங்கள் உண்டு. ஆனால் நூற்பாவைப் படிப்பவர் வேறு, ஆய்வேட்டைப் படிப்பவர் வேறு. செய்தித்தாள் முதல் பாடநூல் வரை '-அனர்' பலருக்கென்றே படித்துப் பழகிய கண் அது. 'என்பர்' தனக்கென்று ஓர் இடம் பிடித்துத் தப்பியிருக்கிறது, அவ்வளவே. நான் மாணவர்களிடம் சொல்வது, 'என்பர்' பின்னால் பெயர் வந்தால் விடுங்கள், பெயர் முன்னால் வந்தால் "நச்சினார்க்கினியர்... என்கிறார்" என்று ஆக்குங்கள். மெய்ப்புக்காரர் இதையும் வெட்டச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

#8 மெய்ப்புக்காரர்

வெட்டுவேன். ஓர் இயலில் "என்பர் பரிமேலழகர்", அடுத்த இயலில் "என்கிறார் பரிமேலழகர்" என்று வந்தால் இரண்டு பேர் எழுதிய நூல் மாதிரி இருக்கும். ஆனால் உங்கள் கட்சியும் தவறில்லை.

#9 ஆவணப்பிரிவு

எங்கள் அலுவலகத்தில் துணைவேந்தருக்குக் கடிதம் எழுதும்போது 'அவர்கள்' விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "மாண்புமிகு ... அவர்கள் தலைமை தாங்கி உரையாற்றுவார்கள்" என்றுதான் அழைப்பிதழிலும் அடிக்கிறோம். இதை எப்படித் தவறு என்கிறீர்கள்?

#10 மெய்ப்புக்காரர்

தவறு என்று யாரும் சொல்லவில்லை, ஐயா. கடிதத்திலும் அழைப்பிதழிலும் எதிரில் இருப்பவரை அல்லது மேடையில் அமரப்போகிறவரை நோக்கிப் பேசுகிறோம். அங்கே 'அவர்கள்' முகமன். ஆய்வேட்டில் ஒருவரின் கருத்தை எடுத்து வைக்கிறோம், பல நேரம் மறுக்கவும் செய்கிறோம். "பேராசிரியர் அவர்கள் இங்குப் பிழைபடக் கூறுகிறார்கள்" என்று படித்துப் பாருங்கள், கிண்டல் மாதிரி இல்லையா?

நொச்சிக்கும் இதில் ஒரு வழி இருக்கிறது. நன்றியுரை முழுக்க 'அவர்கள்' வைத்துக்கொள்ளுங்கள். அது ஆய்வேட்டுக்குள் இருக்கும் கடிதம் மாதிரி. நெறியாளர், துறைத்தலைவர், நூலகர் எல்லாருக்கும் அங்கே 'அவர்கள்' தாராளமாகப் போடலாம். முதல் இயல் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

#11 சுன்னாகத்தான்

யாழ்ப்பாணப் பக்கம் இருந்து ஒரு கேள்வி. 'அவர்கள்' வெட்டுறது சரி, ஆனால் பெயருக்குள்ளேயே 'கள்' இருந்தால் என்ன செய்யிறது? விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ்நூலை வெளியிட்டார் என்று எழுதினால், "அடிகள் என்பது பன்மை, வெளியிட்டார்கள் என்று வரவேணும்" என்று ஒரு இதழில் திருத்தித் தந்தினம். இளங்கோவடிகளுக்கும் இதுதானே நிலைமை?

அதோட 'பிள்ளையவர்கள்' எண்டு ஒண்டு இருக்கு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை ஐயர் எழுதின நூலின் தலைப்பிலேயே 'பிள்ளையவர்கள் சரித்திரம்' என்று வருது. அதை வெட்டேலாது.

#12 கயற்கண்ணி

தலைப்பை வெட்டக் கூடாது, தொடவே கூடாது. நூற்பெயருக்குள்ளும் மேற்கோள் குறிக்குள்ளும் இருப்பது அவர்கள் எழுதியது. மேற்கோளுக்குள் 'கூறுகிறார்கள்' இருந்தால் அப்படியே விட்டு, வெளியே உங்கள் வாக்கியத்தை 'என்கிறார்' என்று முடியுங்கள்.

அடிகள் பற்றி. அந்தக் 'கள்' பெயரோடு ஒட்டிப்போய்விட்டது. வினை ஆளைப் பார்த்து முடியும், பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்து அல்ல. "இளங்கோவடிகள் பாடுகிறார்", "மறைமலையடிகள் எழுதினார்", "விபுலாநந்த அடிகள் வெளியிட்டார்" எல்லாம் சரி. உங்கள் இதழின் திருத்தம் தேவையற்றது. காதுக்கு உறுத்துகிறது என்றால் 'அடிகளார்' என்று எழுதலாம், பலர் அப்படித்தான் தப்பிக்கிறார்கள்.

வினையைத் திருத்துவதோடு வேலை முடிந்துவிடாது என்பதையும் நொச்சி கவனிக்க வேண்டும். மரியாதை வாக்கியத்தில் வேறு இடங்களிலும் ஒளிந்திருக்கும். முதலில் தன், தம். அவன் என்றால் தன், அவர் என்றால் தம். "அவர் தன் நூலில்" என்பதைத் "தம் நூலில்" என்று ஆக்குங்கள். தமக்கு, தம்மை, தமது எல்லாம் அதே வரிசை. இருவரைப் பற்றிப் பேசினால் "தத்தம் பதிப்புகளில்" என்று ஒரே சொல்லில் முடியும். 'தங்கள் நூலில்' என்று மட்டும் எழுதாதீர்கள், கடிதம் எழுதுவது போல முன்னிலைக்குப் போய்விடும். அழுத்தம் தரும் 'தான்', 'தானே' வேறு. "அவர்தான் முதலில் கண்டவர்" என்பதைத் 'தாம்' ஆக்க வேண்டியதில்லை. போன முறை ஒரு மாணவர் கணினியில் ஒரேயடியாக மாற்றி, 'அதனால்தாம்' என்று அச்சாகி வந்தது.

அடுத்தது பெயரில் முடியும் வாக்கியங்கள். "கால்டுவெல் ஒப்பிலக்கண முன்னோடி ஆகும்" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். 'ஆகும்' அஃறிணைக்கு, அவர் 'ஆவார்'. எதிர்மறையிலும் அப்படியே. "இதை முதலில் சொன்னவர் கால்டுவெல் அல்லர்." 'அல்ல' இன்று எல்லா இடத்திலும் புழங்குகிறது, பேச்சிலும் கதையிலும் நான் கண்டுகொள்வதில்லை. ஆய்வேட்டில் மட்டும் 'அல்லர்' கேட்பேன்.

#13 நொச்சி

மிக்க நன்றி. இன்னும் இரண்டு இடங்களில் கோடு விழுந்திருக்கிறது. ஒன்று, "கம்பன் தன் காப்பியத்தில் கூறுகிறார்." இரண்டாவது, "பேராசிரியர் செய்யுளியலில் இதை விளக்குகிறார்." இரண்டிலும் 'ஆர்' ஒழுங்காகத்தானே இருக்கிறது?

#14 மெய்ப்புக்காரர்

இரண்டாவதுதான் வேடிக்கை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி நான்கு இயல்களுக்கு உரை எழுதியவரின் பெயரே பேராசிரியர். நீங்கள் வேறு பக்கங்களில் இக்காலத்தவர்களையும் 'பேராசிரியர்' என்றே எழுதியிருப்பீர்கள். செய்யுளியல் என்றதும் தேர்வாளர் உரைகாரரை நினைத்திருப்பார், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது. பட்டங்களை எடுத்துவிடுங்கள். முனைவர், டாக்டர், பேராசிரியர், திரு எதுவும் இயல்களுக்குள் வேண்டாம். முதல் முறை தலைப்பெழுத்தோடு முழுப்பெயர், பிறகு பெயர் மட்டும், வினையில் 'ஆர்'. பேராசிரியர் என்ற சொல் அந்த உரைகாரர் ஒருவருக்கே இருக்கட்டும்.

கம்பனில் பெயரும் வினையும் வெவ்வேறு ஊர். கம்பன் என்றால் "தன் காப்பியத்தில் கூறுகிறான்", கம்பர் என்றால் "தம் காப்பியத்தில் கூறுகிறார்". ஔவை பாடினாள், ஔவையார் பாடினார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். ஆய்வேடு என்றால் 'கம்பர்'.

#15 சுன்னாகத்தான்

கம்பன் கூறுகிறார் என்றால் என்ன பிழை? மு. வரதராசன் கூறுகிறார் என்று எழுதுறம்தானே. அங்கேயும் 'அன்'தான் இருக்கு.

#16 மெய்ப்புக்காரர்

வரதராசன் என்பது அவர் கையெழுத்துப் போட்ட பெயர். அதில் உள்ள 'அன்'னை யாரும் மரியாதைக் குறைவாகப் படிப்பதில்லை. வேண்டுமென்றால் 'வரதராசனார்' ஆக்கலாம். கம்பனுக்குக் 'கம்பர்' என்ற வடிவம் வழக்கில் இருக்கிறது. அது இருக்கும்போது 'கம்பன்' என்று எழுதினால் அது நாம் தேர்ந்தெடுத்த உரிமைத் தொனி. உரிமை எடுத்துக்கொண்டு, வினையில் மட்டும் எழுந்து நின்றால் எப்படி?

#17 சுன்னாகத்தான்

எனக்கு முழுசா உடன்பாடில்லை. 'கம்பன்' இப்ப தொனியே இல்லாத வெறும் பெயர். கம்பன் கழகம் என்று சொல்லுறம், அதில் என்ன உரிமைத் தொனி? உங்கட நியாயப்படி பார்த்தால் 'பாரதி பாடினார்' சரி, 'பாரதி பாடினான்' சரி, கம்பனுக்கு மட்டும் தனிச்சட்டம்.

#18 வெண்பாப்பித்தன்

சுன்னாகத்தான் பக்கம் நான். தொல்காப்பியப் பாயிரமே 'தொல்காப்பியன் எனத் தன்பெயர் தோற்றி' என்கிறது. நாம் 'தொல்காப்பியர்' என்கிறோம். பெயர் எப்படி வந்தால் என்ன, வினை நம் காலத்தது.

#19 கயற்கண்ணி

பாயிரத்தை நல்ல இடத்தில் கொண்டுவந்தீர்கள், ஆனால் அது உங்களுக்கு எதிர்ச்சாட்சி. 'தொல்காப்பியன்' என்றதால்தான் அங்கே 'தன்பெயர்'. முடிவிலும் 'படிமையோனே' என்று ஒருமையிலேயே நிற்கிறது. பெயரும் வினையும் ஒரே ஊர்தான். கம்பன் சண்டை இங்கே தீராது; நொச்சி 'கம்பர்' என்று எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

#20 நொச்சி

சரி, 'கம்பர்' ஆக்கிவிட்டேன். முந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. '-ஆர்கள்' எல்லாவற்றையும் எப்படித் தேடுவது? கண்ணால் பார்த்தால் விட்டுவிடுவேன்.

#21 மெய்ப்புக்காரர்

லிப்ரே ஆபிஸ் என்றால் `Ctrl+H` அழுத்தி, `Regular expressions` என்ற கட்டத்தில் குறியிட்டு இதைத் தேடுங்கள்:

```
[தனறடவபள]ார்கள்
```

பதிப்பித்தார்கள், கூறுகிறார்கள், வெளியிட்டார்கள், உள்ளார்கள் எல்லாம் அகப்படும். 'ஆழ்வார்கள்' போன்ற பெயர்ச்சொல்லும் வந்து விழும், தாண்டிப் போங்கள். ஒரேயடியாக மாற்றாதீர்கள், உண்மையான பன்மையும் அதற்குள்தான் இருக்கிறது. "பரோவும் எமனோவும் வேர்ச்சொல்லைத் தருகிறார்கள்" என்பது இருவர், அதைத் 'தருகிறார்' ஆக்கினால் புதுப்பிழை. ஒவ்வொன்றிலும் நின்று எழுவாயைத் தேடி, ஒருவரா பலரா என்று பார்த்து மாற்றுங்கள். பலர் என்றால் '-அனர்' ஆக்கினால் நடை ஒரே மாதிரி இருக்கும்.

இரண்டாவது சுற்றில் `னர்` என்று தேடுங்கள். 'பின்னர்', 'முன்னர்' நிறைய வந்து தொல்லை தரும், பரவாயில்லை. ஒருவருக்குப் போட்ட 'வெளியிட்டனர்' அதில் சிக்கும். மூன்றாவது ` அவர்க`, முன்னால் ஓர் இடைவெளி விட்டு. வேற்றுமையோடு சேர்ந்து 'சாமிநாதையர் அவர்களின் பதிப்பு', 'பிள்ளை அவர்களால்' என்று இருப்பவை இதில் வரும். 'சாமிநாதையரின் பதிப்பு', 'பிள்ளையால்' என்று சுருக்குங்கள். 'ஐயரவர்கள்' என்று சேர்த்து எழுதியது சிக்காது, அதைத் தனியாகத் தேட வேண்டும். 'கூறுவர்', 'என்பர்' இரண்டையும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். 'வர்' என்று தேடினால் அவர், தலைவர், புலவர் எல்லாம் வந்து நிற்பார்கள்.

#22 நொச்சி

இரண்டு இயல் முடித்துவிட்டேன். முதல் தேடலில் 41 வந்தது, அதில் 9 மட்டும் உண்மையான பன்மை. ஒன்றே ஒன்று முடிவாகவில்லை. "இந்நூற்பாவுக்கு உரையாசிரியர் வேறு பொருள் கூறுவர்." இதைக் 'கூறுவார்' ஆக்கவா, 'கூறுகின்றனர்' ஆக்கவா?

#23 கயற்கண்ணி

அது நீங்கள் யாரைச் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. அடைமொழி இல்லாமல் 'உரையாசிரியர்' என்றால் மரபில் இளம்பூரணர் ஒருவரையே குறிக்கும். அவரைத்தான் சொன்னீர்கள் என்றால் "இளம்பூரணர் வேறு பொருள் கூறுகிறார்". எல்லா உரைகாரரையும் என்றால் "உரையாசிரியர்கள் கூறுகின்றனர்". எழுதும்போது யாரை நினைத்தீர்கள்?

#24 நொச்சி

இளம்பூரணரைத்தான் நினைத்தேன். ஆனால் இப்போது அடிக்குறிப்பைத் திறந்து பார்த்தால், அதில் சேனாவரையர் உரையின் பக்க எண் இருக்கிறது. விகுதியை விட்டுவிட்டு, நூலகம் போய் இரண்டு உரையையும் பார்த்து வருகிறேன்.